பத்து நிமிடம் தராத பள்ளிகள்

மாற்றுத்திறன் குழந்தைகளுக்கு என்ன செய்திருக்கிறீர்கள் என்று எந்தப் பள்ளியிலும் கேட்டுப் பாருங்கள். முதலில் சாய்தளத்தைத்தான் காட்டுவார்கள். சாய்தளம் வேண்டியதுதான். ஆனால், ஸ்பைனா பைஃபிடா எனப்படும் முதுகுத்தண்டுப் பிளவோடு பிறந்த குழந்தை அதில் ஏறி வகுப்புக்குள் வந்துவிட்டாலும், மாலைவரை அங்கே உட்கார்ந்திருக்க முடியுமா என்பதைக் கழிப்பறைதான் முடிவுசெய்கிறது. அதற்குள் அந்தக் குழந்தைக்கு என்ன தேவை என்பது பெரும்பாலான பள்ளிகளுக்குத் தெரியாது.

கரு உருவான முதல் நான்கு வாரங்களுக்குள் முதுகுத்தண்டு மூடிக்கொள்ள வேண்டும். அப்படி மூடாமல் போன இடத்தில் நரம்புகள் பழுதடைகின்றன. பழுது மேலே இருந்தால் கால்கள் அசையாது. கீழே இருந்தால் குழந்தை ஓரளவு நடக்கும். சிறுநீர்ப்பைக்குப் போகும் நரம்புகளோ தண்டின் அடிக்கோடியிலிருந்து கிளம்புகின்றன. அதனால், நன்றாக நடக்கிற பிள்ளைக்கும் சிறுநீர்ப்பை பெரும்பாலும் வேலை செய்வதில்லை. நிரம்பியது தெரியாது, விரும்பும்போது காலிசெய்யவும் வராது.

ஒழுகுவதுதான் இதில் பெரிய தொல்லை என்று வெளியிலிருந்து பார்ப்பவர்கள் நினைக்கிறார்கள். மருத்துவர்கள் அஞ்சுவது உள்ளே ஏறும் அழுத்தத்துக்கு. பையின் அழுத்தம் 40 சென்டிமீட்டர் நீர்மட்ட அளவைத் தாண்டி நீடித்தால், சிறுநீர் இறங்கி வர முடியாமல் சிறுநீரகங்கள் வீங்கத் தொடங்கும். ஒழுகும் குழந்தையைவிடச் சொட்டுக்கூட ஒழுகாமல் நாள் முழுக்க இறுக்கிப் பிடித்திருக்கும் குழந்தைக்கு ஆபத்து அதிகமாக இருக்கலாம். டயபர் கட்டிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்ற எண்ணம் இங்கேதான் தவறுகிறது. டயபர் துணியைக் காக்குமே தவிர, சிறுநீரகத்தைக் காக்காது. அடிவயிற்றை அமுக்கிச் சிறுநீரை வெளியேற்றும் பழக்கமும் பல வீடுகளில் உண்டு. அமுக்கும்போது அழுத்தம் இன்னும் கூடும், சிறுநீர் மேல்நோக்கித் திரும்பவும் வாய்ப்புண்டு.

இதற்கு வழி கண்டவர் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகச் சிறுநீரியல் மருத்துவர் ஜாக் லாபிடஸ். கதீட்டர் குழாயைக் கிருமி நீக்கிய நிலையில், மருத்துவமனையில்தான் நுழைக்க வேண்டும் என்று எல்லோரும் நம்பிய காலத்தில், சோப்புப் போட்டுக் கழுவிய கையும் சுத்தமான குழாயும் போதும் என்று 1972-இல் அவர் எழுதினார். பை அளவுக்கு மீறி உப்பும்போது அதன் சுவருக்கு ரத்த ஓட்டம் குறைகிறது, தொற்றுக்கு அதுவே வழிவிடுகிறது. நேரத்துக்குக் காலிசெய்வது கிருமிநீக்கத்தைவிட முக்கியம் என்பது அவர் வாதம். உலகெங்கும் இன்று இந்தக் குழந்தைகளுக்கான அடிப்படைச் சிகிச்சை இதுதான்.

செய்முறை எளிது. கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். சிறுநீர்த் துவாரத்தைச் சுத்தம்செய்து, குழாயின் நுனியில் நீரில் கரையும் ஜெல்லியைத் தடவி, சிறுநீர் வரத் தொடங்கும்வரை மெதுவாக உள்ளே செலுத்த வேண்டும். ஓட்டம் நின்றதும் சட்டென உருவிவிடக் கூடாது. சிறிது சிறிதாக இழுத்தால், அடியில் தங்கியதும் வந்துவிடும். தடை தட்டுப்பட்டால் பலவந்தமாகத் தள்ளக் கூடாது. நம் ஊரில் குழாயை உள்ளும் புறமும் கழுவி, உலர்த்தி, மூடி போட்ட டப்பாவில் வைத்து மீண்டும் பயன்படுத்துகிறவர்களே அதிகம். பிள்ளை உடையைச் சரிசெய்துகொள்வதையும் சேர்த்து எல்லாம் பத்து நிமிட வேலை.

எட்டு வயதுச் சிறுமி ஒருத்தியை எடுத்துக்கொள்வோம். மூன்றாம் வகுப்பு, எடை 22 கிலோ. வயதோடு ஒன்றைக் கூட்டி 30-ஆல் பெருக்கினால், அந்த வயதுச் சிறுநீர்ப்பையின் கொள்ளளவு மில்லிலிட்டரில் ஏறத்தாழக் கிடைக்கும். இவளுக்கு 270. போதுமான தண்ணீர் குடிக்கும் இந்த எடைப் பிள்ளைக்கு மணிக்குச் சுமார் 40 மில்லி சிறுநீர் சேரும் என்று வைத்துக்கொள்வோம். காலை எட்டு மணிக்கு அம்மா குழாய் வைத்துக் காலிசெய்து அனுப்புகிறார். பள்ளி முடிந்து வீடு திரும்ப மாலை ஐந்து. ஒன்பது மணி நேரத்தில் 360 மில்லி. பை அதைத் தாங்காது. நண்பகல் பன்னிரண்டரைக்கு ஒருமுறை காலிசெய்தால், காலையிலும் மாலையிலும் 180 மில்லியைத் தாண்டாது. நரம்புப் பழுதுள்ள பை பெரும்பாலும் கணக்கில் வருவதைவிடச் சிறியது என்பதால், மூன்று மணிக்கொருமுறை என்று மருத்துவர் எழுதித் தரலாம். அப்போது பதினொன்றுக்கும் இரண்டுக்கும் என்று பள்ளி நேரத்தில் இரண்டு முறை வரும்.

அந்த நேரத்தில் ஆள் இல்லாவிட்டால் குழந்தையே ஒரு வழி கண்டுபிடித்துவிடும். தண்ணீர் குடிக்காது. காலையில் நிரப்பிக் கொடுத்த பாட்டில் மாலையில் அப்படியே திரும்பி வரும். நம் வெயிலில் தண்ணீர் குறைந்தால் சிறுநீர் தடித்துத் தொற்று வரும், கல் சேரும், மலம் இறுகும். இறுகிய மலம் சிறுநீர்ப்பையை அழுத்த, ஒழுக்கு கூடும். பையின் இறுக்கத்தைத் தளர்த்த ஆக்ஸிபியூட்டினின் மாத்திரை சாப்பிடும் பிள்ளையாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம். அந்த மருந்து வாயை வறளவைக்கும், மலத்தை இறுக்கும், வியர்வையையும் குறைக்கும். மதிய வெயிலில் விளையாட்டு வகுப்பில் முகம் சிவந்து உட்கார்ந்துவிடும் பிள்ளை சோம்பேறி அல்ல. அதன் உடல் சூட்டைத் தணிக்க முடியாமல் தவிக்கிறது.

நடைக்கருவிகளைப் பள்ளிகள் இதிலிருந்து தனியாகப் பார்க்கின்றன. இரண்டும் ஒரே கணக்கில் சேர வேண்டியவை. காலிப்பர் அணிந்து வாக்கர் தள்ளி நடக்கும் பிள்ளை, மற்றப் பிள்ளைகளைவிட மிக அதிகச் சக்தியைச் செலவழித்துத்தான் நடக்கிறது. வகுப்பு ஒரு கோடியிலும் கழிப்பறை மறுகோடியிலும் இருந்தால், பத்து நிமிட இடைவேளை நடையிலேயே கழிந்துவிடும். முழங்கால் பூட்டுள்ள காலிப்பரோடு இந்தியக் கழிப்பறையில் குந்த முடியாது. மேல்நாட்டுக் கழிப்பறையோ, படுக்கவைத்துக் குழாய் வைப்பதற்கு ஒரு பெஞ்சோ வேண்டும். சக்கர நாற்காலி நுழையக் கதவு 90 சென்டிமீட்டர் அகலமாவது இருக்க வேண்டும்.

நடக்க முடிகிற பிள்ளையைச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்தால் நடை போய்விடும் என்று பெற்றோர் பயப்படுகிறார்கள். வகுப்புக்குள் வாக்கர், தூரத்துக்குச் சக்கர நாற்காலி என்று இரண்டையும் வைத்துக்கொள்வதே நல்லது. வளர வளர உடல் எடை கூடி, பதின்பருவத்தில் பலர் நாற்காலிக்கே மாறிவிடுகிறார்கள். அதைத் தோல்வியாக எண்ண வேண்டியதில்லை. கவனிக்க வேண்டியது தோலைத்தான். பாதத்தில் உணர்ச்சி இல்லாததால், வளர்ந்த காலுக்குச் சிறியதாகிப்போன காலிப்பர் வெட்டுவதும் வெயிலில் காய்ந்த சிமெண்டுத் தரை சுடுவதும் பிள்ளைக்குத் தெரியாது. காலிப்பரைக் கழற்றி அரை மணி நேரமாகியும் மறையாத சிவப்புத் தடம், புண் வரப்போகிறது என்பதற்கு முதல் அறிகுறி.

ஆசிரியர் கண்ணில்தான் முதலில் படும் அறிகுறிகள் இன்னும் சில உண்டு. இதுவரை நனையாத பிள்ளை திடீரென நனையத் தொடங்கி, நடையும் தடுமாறினால், முதுகுத்தண்டு வடம் தழும்பில் ஒட்டி இழுபடுவதாக இருக்கலாம். மூளை நீரை வடிக்க ஷன்ட் குழாய் வைத்த பிள்ளைக்குத் தலைவலியும் வாந்தியும் வந்தால், குழாய் அடைத்திருக்கலாம். அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். இவர்களில் பலருக்கு லேடெக்ஸ் ரப்பர் ஒவ்வாமை உண்டு. உதவுபவரின் கையுறையும் பிறந்தநாளுக்கு வகுப்பில் ஊதும் பலூனும்கூட ஆபத்தாகலாம்.

சரி, பள்ளியில் குழாய் வைப்பது யார் பொறுப்பு? இந்தக் கேள்விக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1984-லேயே பதில் சொல்லிவிட்டது. டெக்சஸ் மாநிலம் இர்விங் நகரில் இதே குறையோடு பிறந்த ஒரு சிறுமிக்கு மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை குழாய் வைக்க வேண்டியிருந்தது. இது மருத்துவச் சேவை, எங்கள் வேலையல்ல என்றது பள்ளி நிர்வாகம். மூன்றரை வயதில் தொடங்கிய பிரச்சினைக்குத் தீர்ப்பு வந்தபோது அவளுக்கு எட்டு வயது. சில நிமிடங்களில் முடியும் இந்த வேலையை, ஒரு மணி நேரத்துக்கும் குறைவான பயிற்சி பெற்ற சாதாரண ஆளே செய்யலாம் என்பதை நீதிமன்றம் பதிவுசெய்தது. இந்த உதவி இல்லாமல் அவளால் பள்ளி நேரத்தில் அங்கே இருக்கவே முடியாது. எனவே, இதைச் செய்துதருவது பள்ளியின் கடமை என்றது.

நம் நாட்டில் அப்படி வெளிப்படையான தீர்ப்புக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016-இன் 16-ஆவது பிரிவு, பாகுபாடின்றிச் சேர்ப்பதோடு, ஒவ்வொரு குழந்தையின் தேவைக்கேற்ற நியாயமான வசதிகளையும் செய்துதரச் சொல்கிறது. சட்டத்தின் பட்டியலில் ஸ்பைனா பைஃபிடாவுக்குத் தனிப் பெயர் இல்லை. கை கால் இயக்கக் குறைபாடு என்ற தலைப்பின் கீழ் வருவதால், பள்ளி காலை மட்டும் பார்க்கிறது, சிறுநீர்ப்பையை மறந்துவிடுகிறது. கல்வி உரிமைச் சட்டத்தில் 2012-இல் வந்த திருத்தம், கடுமையான குறைபாடுள்ள குழந்தைகள் வீட்டிலிருந்தே கற்பதைத் தேர்ந்துகொள்ளலாம் என்கிறது. அது குழந்தைக்குத் தரப்பட்ட தேர்வு. கழிப்பறையில் உதவ ஆளில்லாத பள்ளி, “வீட்டிலேயே வைத்துப் படிக்க வையுங்கள்” என்று சொல்வதற்காகத் தரப்பட்டதல்ல. இதற்கு மாறாக, அம்மாவே தினமும் வந்து குழாய் வைத்துவிட்டுப் போகட்டும் என்று சொல்லும் பள்ளிகளும் உண்டு. மதியம் பள்ளிக்கு வர வேண்டிய தாய் நூறு நாள் வேலைக்கோ கம்பெனி வேலைக்கோ போக முடியாது. அவருக்குக் காய்ச்சல் வந்தால் பிள்ளைக்கும் விடுமுறை.

செய்ய வேண்டியவை நான்குதான். தரைத்தளத்தில், கழிப்பறைக்கு அருகில் வகுப்பு. உள்ளே தாழ்ப்பாள், தண்ணீர், சோப்பு, பெஞ்சு, கைப்பிடி உள்ள ஒரு கழிப்பறை. பெற்றோர் எழுத்தில் தந்த சம்மதத்தோடு பயிற்சி பெற்ற இரண்டு பேர். பெண் பிள்ளைக்கு இருவரும் பெண்களாக இருக்க வேண்டும், ஒருவர் வராத நாளில் மற்றவர் பார்த்துக்கொள்ள வேண்டும். அட்டவணையில் பாடவேளையைப் போலவே இதற்கும் எழுதிய நேரம். வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியரும் இயன்முறை மருத்துவரும் கல்வியாண்டின் முதல் வாரத்திலேயே தாயோடும் மருத்துவமனைச் செவிலியரோடும் உட்கார்ந்து இதை முடிவுசெய்யலாம். பள்ளி வயதிலேயே பல பிள்ளைகள் தாங்களே குழாய் வைக்கப் பழகிவிடுகிறார்கள். அதற்குப் பிறகு அவர்களுக்கு வேண்டியது பூட்டிய கதவும் அவசரப்படுத்தாத ஆசிரியரும்தான்.

கல்வித் துறை இதற்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் போதும். பள்ளி நேரத்தில் குழாய் வைக்க உதவுவது பள்ளியின் பொறுப்பு, பெற்றோரை அதற்காக வரவழைக்கக் கூடாது என்ற இரண்டு வரிகள் அதில் இருக்க வேண்டும்.