“இரண்டாவது செவ்வாய்” எது?

சில வருஷங்களுக்கு முன் ஒரு கிராமத்துச் சாவடிச் சுவரில் அடியேன் ஒட்டிய விளம்பரம் பின்வருமாறு: “பிரதி இரண்டாவது செவ்வாய்க்கிழமை காலை 10 மணிக்குப் பயிர்நோய், பூச்சி இவைபற்றி ஆலோசனை கூறப்படும்.” மாதத்தின் இரண்டாம் செவ்வாய் என்பதே என் உத்தேசம். முதற்கூட்டத்திற்கு வந்திருந்த குடியானவர் ஒருவர், பதினான்கு நாள் கழித்து, நடுக்குருத்துக் காய்ந்த நெற்பயிரைப் பிடுங்கிக்கொண்டு வந்து, பூட்டிய சாவடியைக் கண்டு திரும்பிவிட்டார். நான் சென்றதோ மேலும் இரு வாரம் சென்றபின். “போன கூட்டத்துக்கப்புறம் இரண்டாவது செவ்வாய்தானே, ஐயா, வந்தேன்?” என்று அவர் கேட்டதற்கு என்னிடம் விடையில்லை. அவ்வாசகத்திற்கு அவர் கொண்ட பொருளும் சரியே. குருத்துப்பூச்சி அதற்குள் வயலில் பரவிவிட்டது.

இப்பிழையில் விசேஷம் யாதெனில், அது உடனே வெளிப்படாது. 2026-ஆம் வருஷத்து நாட்காட்டியைப் பார்க்க. பிப்ரவரி 10 மாதத்தின் இரண்டாம் செவ்வாய். அன்று தொடங்கி ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் கூடினால் பிப்ரவரி 24, மார்ச் 10, மார்ச் 24 என வரும். “மாதத்தின் இரண்டாம், நான்காம் செவ்வாய்” என்றாலும் அதே நாட்களே. இரு பொருளும் நான்கு கூட்டங்கள் வரை ஒன்றாகவே நடக்கின்றன. மார்ச்சு மாதத்தில் 31-ஆந் தேதி ஐந்தாம் செவ்வாய் வருகிறது. அதனால் வாரம்விட்டு வாரம் எண்ணுபவர் ஏப்ரல் 7-இல் வருவார். மாதக் கணக்கினர் ஏப்ரல் 14-இல் வருவார். பழகிவிட்ட கூட்டமாயிற்றே என்று எவரும் அதற்குள் விசாரிப்பதில்லை.

“இரண்டாம் வாரத்துச் செவ்வாய்” என்றெழுதினால் குழப்பம் தீராது. 2026 ஏப்ரல் முதல் தேதி புதன்கிழமை. ஞாயிறு முதல் வாரத்தைக் கணக்கிட்டால் இரண்டாம் வாரத்துச் செவ்வாய் 7-ஆந் தேதி. அதுவோ மாதத்தின் முதற் செவ்வாய். வீட்டில் தமிழ்மாதக் கணக்கில் புழங்கும் பெரியவருக்குச் சித்திரை முதல் தேதியே ஏப்ரல் 14, செவ்வாய். ஆகவே அவருடைய இரண்டாம் செவ்வாய் ஏப்ரல் 21. “பதினைந்து நாளுக்கொருமுறை” என்பதும் அப்படியே. நம்மவர் தொடக்க நாளையும் சேர்த்தெண்ணி அதே கிழமைக்கு வருவர். தேதியோடு பதினைந்தைக் கூட்டுபவரோ புதன்கிழமையில் வந்து நிற்பார்.

ஆகவே என் அபிப்பிராயத்தில், முதலில் தீர்மானிக்க வேண்டியது எந்தக் கணக்கு வேலைக்குப் பொருந்தும் என்பதே. பூச்சியைக் கவனிக்கும் கூட்டத்திற்கு இடைவெளி மாறாதிருத்தல் அவசியம். மாதக் கணக்கைக் கொண்டால் மேற்படி மார்ச் 24-க்கும் ஏப்ரல் 14-க்கும் இடையே 21 நாட்கள் கழிந்துவிடும். எனவே அங்கே வாரம்விட்டு வாரமே தகும். அதை எழுதும் முறை: “2026 பிப்ரவரி 10 முதல், ஒரு செவ்வாய் விட்டு மறு செவ்வாய், அதாவது 14 நாட்களுக்கொருமுறை.” தொடக்கத் தேதி இல்லாவிடில் ஒரு கூட்டத்திற்கு வராதவர் அடுத்ததைக் கண்டுபிடிக்க வழியில்லை. இடைவெளி முக்கியமில்லாத பொதுக் கூட்டத்திற்கு, “ஒவ்வொரு ஆங்கில மாதத்திலும் வரும் இரண்டாவது செவ்வாய், அது 8-ஆந் தேதிக்கும் 14-ஆந் தேதிக்கும் இடையில் வரும்” என்று எழுதலாம். இதை எவரும் நாட்காட்டியைப் பார்த்தே அறிந்துகொள்வர்.

எதை எழுதினாலும் கீழே தேதிகளை வரிசையாகக் குறிக்க வேண்டும். இரண்டு மூன்று தேதிகள் போதா. ஐந்து செவ்வாய் வரும் மாதத்தைத் தாண்டும்வரை எழுதினாலன்றி மேற்சொன்ன ஐயம் தீராது. நமது உதாரணத்தில் “பிப்ரவரி 10, 24; மார்ச் 10, 24; ஏப்ரல் 7, 21” என்பது வரிசை. பண்டிகை நாளில் விழும் கூட்டத்தைப் பற்றியும் முன்னரே சொல்லிவிடவேண்டும். ஏப்ரல் 14 வருஷப்பிறப்பாதலால் மாதக் கணக்கினர், “ஏப்ரல் கூட்டம் மட்டும் 15, புதன்கிழமை, மே மாதத்தில் வழக்கம்போல் 12, செவ்வாய்க்கிழமை” என்று எழுத வேண்டும். பின்பாதியை விட்டுவிட்டால் அன்றுமுதல் புதன்கிழமையே கூட்டநாள் என்று சிலர் கருதுவர்.

விளம்பரம் நீண்டுவிடுகிறதென்று சொல்லும் நண்பர்கள் உண்டு. நீளுவது இரண்டு வரி. ஒட்டுவதற்குமுன், அதை எழுதாத ஒருவரிடம் வாசகத்தை மட்டும் காட்டி, தேதி வரிசையைக் கையால் மறைத்து, “ஐந்தாவது கூட்டம் என்றைக்கு?” என்று கேட்க. அவர் சொல்லும் தேதியும் மறைத்த தேதியும் ஒன்றானால் ஒட்டலாம். வேறானால் திருத்தப்பட வேண்டியது வாசகமேயன்றி வாசித்தவரல்லர்.