"எவ்வளவு வேணும் சொல்லுங்க, இருங்க டாக்டர்": இதற்கு என்ன பதில்?

1) தனியார் மருத்துவமனையில் ராஜினாமா கடிதம் கொடுத்தால், இரண்டு மூன்று நாளில் எம்.டி. ரூமுக்குக் கூப்பிடுவாங்க. காபி வரும். "எவ்வளவு வேணும் சொல்லுங்க, பண்ணித் தர்றோம்" என்பாங்க. கவுன்ட்டர் ஆஃபர். இதற்கு என்ன சொல்வது என்று ஜூனியர்கள் அடிக்கடி கேட்கிறாங்க. அதனால் இந்த இழை. கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

2) போவது என்று முடிவெடுத்துவிட்டவர்களுக்கு மட்டும்தான் இது. சம்பளம் ஏறினால் இருந்துவிடுவேன் என்பவர்கள் கடிதம் கொடுப்பதற்கு முன்பே போய் நேராகக் கேட்கலாம். அதில் தப்பே இல்லை. புது இடத்தின் ஆர்டர் கைக்கு வராதவர்களும் இன்னும் கடிதமே கொடுக்கக் கூடாது.

3) ஒரு உதாரணம், அவங்க சம்மதத்தோடு. மாவட்டத் தலைநகர் ஒன்றில் எழுபது படுக்கை மருத்துவமனை. அங்கே ஆறு வருடமாக வேலை பார்க்கும் குழந்தைகள் நல மருத்துவர். மினிமம் கேரன்டி மாதம் 2 லட்சம். பச்சிளம் குழந்தை மருத்துவத்தில் ஒரு வருட ஃபெலோஷிப் கிடைத்தது. ஸ்டைபண்ட் இதில் பாதிகூட வராது. தெரிந்தேதான் முடிவெடுத்தாங்க. மார்ச் 1 கடிதம், மூன்று மாத நோட்டீஸ், மே 31 கடைசி நாள்.

4) மார்ச் 4 கவுன்ட்டர் ஆஃபர் வந்தது. கேரன்டி 2.75 லட்சம், நைட் கால் ஒரு நாள் விட்டு ஒரு நாள், துறைத் தலைவர் என்று போர்டு. இதில் ஏமாற்று வேலை எதுவும் இல்லை. சின்ன ஊருக்குக் குழந்தை டாக்டர் கிடைக்க மாதக்கணக்கில் ஆகும். அதுவரை என்.ஐ.சி.யூ. ஓடாது. அது ஓடாவிட்டால் சிக்கலான பிரசவங்களும் வேறு இடத்துக்குப் போய்விடும். அந்தக் கூடுதல் 75 ஆயிரத்துக்குப் பின்னால் இந்தக் கணக்கு இருக்கிறது.

5) அவங்க என்கிட்ட கேட்டது பணத்தைப் பற்றி இல்லை. "அண்ணா, கோவிட் நேரத்துல பல இடத்துல சம்பளத்தைக் குறைச்சாங்க. சார் எனக்கு ஒரு ரூபாகூடப் பிடிக்கல. அவர் முகத்தைப் பார்த்து எப்படி முடியாதுன்னு சொல்றது?"

நம்ம ஊரில் இதற்கு செஞ்சோற்றுக் கடன் என்று பெயரே இருக்கு. கர்ணன் கதை கேட்டு வளர்ந்தவங்க நாம. அதனால்தான் இந்த இடத்தில் நாக்கு ஒட்டிக்கொள்கிறது.

6) என் கருத்து இதுதான். அந்த நன்றி உண்மையானது. ஆனால் அதை அடைக்கும் இடம் நோட்டீஸ் காலம். முடிவை மாற்றிக்கொண்டு அதை அடைக்க முடியாது. இரண்டையும் குழப்பினால் "பார்க்கலாம் சார்", "வீட்ல கேட்டுட்டு சொல்றேன் சார்" என்றுதான் வாயில் வரும்.

7) ஒரு மரணத்தை உறவினர்களிடம் எப்படிச் சொல்லச் சொல்லிக் கொடுத்தாங்க, நினைவிருக்கா? "கஷ்டம்தான்", "கையில ஒன்னும் இல்ல" என்று நிறுத்தாதே, "இறந்துட்டார்" என்ற சொல்லைச் சொல் என்றாங்க. சுற்றி வளைத்தால் அவங்க நம்பிக்கையோடு வெளியே காத்திருப்பாங்க. இங்கேயும் அப்படித்தான். "யோசிக்கிறேன்" என்று நீங்க மரியாதைக்குச் சொன்னது அவருக்கு "இருப்பாங்க" என்றுதான் கேட்கும். புது ஆள் தேடுவதை நிறுத்திவிடுவார். ஏப்ரல் கடைசியில் நீங்க மறுபடி முடியாது என்று சொல்லும்போதுதான் உண்மையான மனக்கசப்பு வரும்.

8) அடுத்து, காரணங்களை அடுக்காதீங்க. ஒவ்வொரு காரணமும் அவர் பிடித்து இழுக்க ஒரு கயிறு. "நைட் அதிகம் சார்" என்றால் "இன்னொரு ஆள் போடறேன்" என்பார். "கத்துக்க ஒன்னும் இல்ல சார்" என்றால் "புது வென்டிலேட்டர் வாங்கறேன்" என்பார். அவர் எல்லாவற்றுக்கும் சரி என்ற பிறகும் நீங்க கிளம்பினால், சொன்னதெல்லாம் சாக்கு என்று ஆகிவிடும். ஒரே காரணம், ஒரே வாக்கியம் போதும். அதேபோல ஆஃபரின் விவரத்தையும் கேட்காதீங்க. "இந்த கேரன்டி எத்தனை மாசத்துக்கு சார்?" என்று கேட்டாலே பேரம் ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம்.

9) நன்றி சொல்லும்போது குறிப்பாகச் சொல்லுங்க. "எனக்கு எவ்வளவோ செஞ்சிருக்கீங்க" என்பது முடிவில்லாத கடன் பத்திரம். "2020ல என் சம்பளத்துல கை வைக்கல, அதை மறக்க மாட்டேன்" என்பது நிஜமான நன்றி. கேட்பவருக்கும் அது போய்ச் சேரும்.

10) நேரில் முழுசா கேட்டுவிட்டு, அங்கேயே பதில் சொல்லிட்டு, அன்று மாலையே அதை எழுத்தில் அனுப்பிடுங்க. அவங்க அனுப்பியது ஏறக்குறைய இது:

"சார், இன்னைக்கு நேரம் ஒதுக்கிப் பேசினதுக்கு நன்றி. 2020ல நீங்க என் சம்பளத்தைக் குறைக்காம வச்சிருந்தது என் குடும்பத்துக்கே தெரியும். நீங்க சொன்ன ஆஃபர் பெரிய மரியாதை. ஆனா ஃபெலோஷிப்ல சேருவதுன்னு முடிவு பண்ணிட்டேன், அதுல மாற்றம் இல்லை. மார்ச் 1 கடிதத்தின்படி மே 31 என் கடைசி நாள். அதுவரைக்கும் ஓ.பி., நைட் கால் எல்லாம் வழக்கம்போல பார்ப்பேன். புது டாக்டர் வந்தா கூட இருந்து ஒப்படைச்சிட்டுப் போறேன்."

11) இதில் மன்னிப்பு இல்லை, கவனிச்சீங்களா? "இப்போதைக்கு" என்ற சொல்லும் இல்லை. தேதி இருக்கு. எச்.ஆர்.க்கும் ஒரு நகல் போகணும். இல்லாவிட்டால் "டாக்டர் யோசிக்கிறதா சொன்னாங்க, நாங்க கடிதத்தை ஏத்துக்கவே இல்ல" என்று மே மாதம் யாராவது சொல்வாங்க. ரிலீவிங் ஆர்டர் அங்கேதான் மாட்டும்.

12) ஒரு தடவையோடு முடியாது. அடுத்த வாரம் மேடம் பேசுவாங்க, அப்புறம் சீனியர் சர்ஜன் ஒருத்தர் "ஏம்மா, சார் ரொம்ப வருத்தப்படறார்" என்பார். மூன்று பேருக்கும் அதே வாக்கியம். புது காரணம் எதையும் சேர்க்காதீங்க, குரலையும் உயர்த்தாதீங்க. இன்னொன்று: ஃபெலோஷிப்பில் இடம் தந்தவர்களுக்கும் நீங்க சொல் கொடுத்திருக்கீங்க. கடைசி நேரத்தில் விலகினால், அந்த சீட் கிடைக்காமல் போன இன்னொரு டாக்டருக்கும் அது நஷ்டம்.

13) இப்போ அந்தக் கடன். குறைமாதக் குழந்தைகளுக்கு விழித்திரைப் பரிசோதனை பிறந்து 30 நாளுக்குள் நடக்கணும். மிகச் சின்னக் குழந்தைகளுக்கு அதைவிட முன்னாடியே. மே மாதம் பிறந்த குழந்தைக்கு ஜூனில் தேதி வரும், அப்போ இவங்க அங்கே இருக்க மாட்டாங்க. அந்தத் தேதி தவறினால் பார்வையே போகலாம். அதனால் கடைசி மூன்று வாரம் ஒரு நோட்டுப் போட்டாங்க: குழந்தையின் அம்மா பேர், பிறந்த எடை, கண் பரிசோதனை தேதி, காது பரிசோதனை தேதி, போன் நம்பர். ஒவ்வொரு அம்மாவிடமும் தேதியை வாயாலும் சொன்னாங்க. நோட்டை புது டாக்டரிடமும் நர்ஸிங் இன்சார்ஜிடமும் ஒப்படைச்சாங்க.

14) சாருக்குச் செலுத்த வேண்டிய நன்றி அந்த நோட்டில் இருந்தது என்றுதான் நான் நினைக்கிறேன். 2.75 லட்சத்துக்கு அரைமனதா இன்னும் ஆறு மாதம் உட்கார்ந்திருந்தால் அது வந்திருக்காது.

கவுன்ட்டர் ஆஃபரை ஏற்று நிம்மதியா இருப்பவர்கள், குறிப்பா மருத்துவமனை நடத்துபவர்கள், உங்க பக்கத்தையும் எழுதுங்க. வாசிக்கிறேன்.