தாயைப் பார்க்கப் போகும் மகளின் வேலை

எங்கள் குடும்பங்களில் பலவற்றுக்கு இன்று நிலமில்லை. விக்டோரியா நீர்த்தேக்கத்துக்காக எழுப்பப்பட்டவர்களும் யுத்தத்தால் ஊரைவிட்டு வந்தவர்களும் கண்டியிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் கூலிச் சம்பளத்தில் வாழ்கின்றோம். நிலமிருந்த காலத்தில் தாய் படுக்கையில் விழுந்தால் வயல் வேலையைப் பங்கிட்டுக்கொண்டு யாராவது ஒருவர் வீட்டில் நின்றோம். இன்று அதற்கு மனேஜரிடம் போய் நிற்க வேண்டியிருக்கிறது.

அண்மையில் எம்மிடம் ஆலோசனை கேட்டு ஒரு சகோதரி வந்தார். கண்டி நகரில் இருபதுக்கும் மேற்பட்டோர் வேலைசெய்யும் ஒரு துணிக்கடையில் அவர் சேர்ந்து 4 வருடமும் 9 மாதமும் ஆகியிருந்தன. மாதச் சம்பளம் 36,000 ரூபா. தாய்க்குப் பாரிசவாதம். நடக்கவும் உண்ணவும் உதவி வேண்டும். "மனேஜரிடம் கேட்க வெட்கமாயிருக்கிறது, வேலையை விட்டுவிடுகிறேன்" என்றார். நாம் அவரைத் தடுத்தோம். காரணம் இதுதான்.

1983ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டப்படி, 15 பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலைசெய்யும் இடத்தில் 5 வருட சேவையை முடித்தவருக்கு, வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் கிடைக்க வேண்டும். இச்சகோதரிக்கு அது 90,000 ரூபா. அன்றே விலகியிருந்தால் ஒரு சதமும் இல்லை. ஆனால் முதலாளி அனுமதித்த விடுமுறையால் சேவை முறிவதில்லை. ஆகவே நான்கு மாத விடுமுறை முடிந்து அவர் திரும்பி வரும்போது ஐந்து வருடம் தாண்டியிருக்கும்.

இழப்பும் உண்டு. நான்கு மாதச் சம்பளம் 144,000 ரூபா வராது. சம்பளம் இல்லாத மாதங்களுக்கு ஊழியர் சேமலாப நிதியில் அவருடைய 8 வீதமும் முதலாளியின் 12 வீதமும் சேராது. அது மட்டும் 28,800 ரூபா. இதை அறிந்துகொண்டே கேட்க வேண்டும்.

கேட்கும் விதத்திலும் கவனம் வேண்டும். முதலில் மிஞ்சியிருந்த சம்பளத்துடனான விடுமுறையை எடுக்கச் சொன்னோம். கடை, அலுவலக ஊழியர் சட்டப்படி சாதாரணமாக வருடத்துக்கு 14 நாள் வருடாந்த லீவும் 7 நாள் தற்செயல் லீவும் உண்டு. பின் கடிதம் ஒன்று எழுதினோம். இன்ன திகதியிலிருந்து இன்ன திகதிவரை சம்பளமற்ற விடுமுறை வேண்டும், ஆஸ்பத்திரியில் தந்த டயக்னோசிஸ் காட்டின் பிரதியை இணைத்துள்ளேன், இரண்டாம் மாத முடிவில் நிலைமையை அறிவிப்பேன், பண்டிகைக் கால வியாபாரத்துக்கு முன் திரும்பிவிடுவேன் என்று அதில் இருந்தது. கடைசி வரிதான் மனேஜரின் மனதை மாற்றியது. அவருக்கு வேண்டியது ஆள் எப்போது வருவார் என்ற உறுதியே.

அவர் "சரி, போய் வாருங்கள்" என்றார். அதோடு நின்றுவிடக் கூடாது. இவ்விடத்தில்தான் எம்மவர் பலர் ஏமாறுகின்றனர். வாய்ப்பேச்சை நம்பிப் போனால், மனேஜர் மாறியதும் சொல்லாமல் வேலைக்கு வரவில்லை, பதவியைத் தானாக விட்டுவிட்டார் என்று கடிதம் வரலாம். ஆகவே திகதிகளையும், பழைய பதவிக்கே திரும்பலாம் என்பதையும், சேவை தொடரும் என்பதையும் எழுத்தில் பெற்றுக்கொள்ளச் சொன்னோம். பெற்றுக்கொண்டார். அப்படியொரு குற்றச்சாட்டுக் கடிதம் வந்தால் சும்மா இருக்கவே கூடாது. உடனே பதிவுத் தபாலில் பதில் அனுப்பி, அந்தப் பிரதியுடன் தொழில் அலுவலகத்துக்குப் போக வேண்டும்.

ஆனால் மனேஜர் மறுத்திருந்தால்? மறுக்க அவருக்கு இடமுண்டு. தனியார் துறையில் பெற்றோரைப் பராமரிக்க நீண்ட விடுமுறை தரவேண்டும் என்று எமது நாட்டில் சட்டமில்லை. 2000ஆம் ஆண்டின் முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் பெற்றோரைப் பார்க்கும் கடமையைப் பிள்ளைகள்மேல் வைக்கிறது. அக்கடமையைச் செய்ய நேரம் தரும் பொறுப்பை எவர்மேலும் வைக்கவில்லை. ஜப்பானில் நோயுற்ற உறவினர் ஒருவருக்காக மொத்தம் 93 நாள் விடுமுறை பெற ஊழியருக்குச் சட்டமே உரிமை தருகிறது. இங்கு மூன்று மாதம் சம்பளமற்ற விடுமுறையையாவது உரிமையாக்க வேண்டும் என்பது எமது நிலைப்பாடு. முதலாளி சம்பளம் கொடுக்க வேண்டியதில்லை. இடத்தைக் காத்துக்கொடுத்தால் போதும்.

காணிக்கையைக் காரணங்காட்டிப் பெற்றோரைக் கைவிட்டவர்களை இயேசு கடிந்துகொண்டார். வியாபாரத்தைக் காரணங்காட்டி ஒரு மகளைத் தாயிடமிருந்து பிரிப்பதையும் அவ்வாறே பார்க்கின்றோம். எமது சபைகளில் கடை வைத்திருப்போரும் இருக்கின்றனர். சட்டம் வரும்வரை காத்திராமல், அக்கடிதத்தில் கையொப்பமிட அவர்களால் இன்றே முடியும்.