தாங்கி கழுவும் நாளில் வாடகைக்கு இருப்போருக்கு என்ன எழுதுவது?



கீழே நீங்கள் குடியிருந்து கொண்டு மேல் மாடியை வாடகைக்கு விட்டிருந்தால், தண்ணீர்த் தாங்கி கழுவும் நாளில் முதலில் கூப்பிடப்படுபவர் நீங்கள்தான். "ராத்தா, தண்ணி எப்ப வரும்? கரண்ட் எப்ப வரும்?" என்று பகல் முழுக்கக் கேட்டுக் கொண்டே இருப்பார்கள். முதல் நாள் இரவு வாய்ச் சொல்லாக, "நாளைக்குத் தாங்கி கழுவுறம், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்க" என்று சொல்லி விடுவதுதான் இதற்குக் காரணம். எத்தனை மணிக்குத் தொடங்கும், எப்போது முடியும், என்ன செய்யக் கூடாது என்ற மூன்றும் தாளில் எழுதிக் கொடுக்கப்பட வேண்டும்.

நேரத்தை எப்படிக் கணக்கிடுவது என்று முதலில் பார்ப்போம். ஓர் உதாரணமாக, நிலத்தடித் தொட்டி 2,000 லீற்றரும் மொட்டை மாடித் தாங்கி 1,000 லீற்றரும் கொள்ளும் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். குழாய்த் தண்ணீர் நிலத்தடித் தொட்டியில் விழுகிறது. மோட்டர் அதை மேலே ஏற்றுகிறது. கழுவும் வேலை இரண்டரை மணித்தியாலத்தில் முடிந்து விடும். ஆனால் தொட்டி மறுபடி நிரம்ப வேண்டுமே! 10 லீற்றர் வாளியைத் தெருக் குழாயின் வரவில் வைத்து, நிரம்ப எத்தனை விநாடி என்று பாருங்கள். 50 விநாடி என்றால் நிமிடத்துக்கு 12 லீற்றர். அப்படியானால் 1,000 லீற்றர் சேர ஏறத்தாழ 1 மணி 25 நிமிடம் ஆகும். அதன் பிறகுதான் மோட்டரைப் போட முடியும்; அது மேலே ஏற்ற இன்னும் அரை மணி, முக்கால் மணி. ஆகவே காலை 8 மணிக்குத் தொடங்கினால் 10.30க்குக் கழுவி முடித்து, 12 மணிக்கு மோட்டர் போட்டு, பகல் 1 மணியளவில் மேலே தண்ணீர் நிறையும். தாளில் 2 மணி என்று எழுதுங்கள். சொன்ன நேரத்துக்கு முன்னே தண்ணீர் வந்தால் யாரும் கோபிக்க மாட்டார்கள். வெள்ளிக்கிழமையைத் தவிர்த்து விடுங்கள்; ஜும்ஆவுக்குக் குளித்துப் புறப்படும் நேரம் அது.

மின்சாரத்தை ஏன் நிறுத்த வேண்டும் என்று சிலர் கேட்பார்கள். மோட்டருக்கும், தண்ணீர் மட்டம் பார்த்து அதை இயக்கும் மிதவைச் சுவிட்சுக்கும் போகும் கம்பிகள் தொட்டியின் அருகிலோ உள்ளேயோதான் இருக்கின்றன. ஈரக் கையோடு அதற்குள் நிற்பவருக்கு ஒரு சிறு கசிவே போதும். ட்ரிப் சுவிட்ச் இருக்கிறதே என்று நம்பி இருக்க வேண்டாம். அது வேலை செய்யாமலும் இருக்கலாம். மோட்டருக்கென்று தனிச் சுவிட்ச் இருந்தால் அதை மாத்திரம் நிறுத்தினாலே போதும், மேல் வீட்டாருக்குக் கரண்ட் தடை இராது. வீடு முழுவதும் ஒரே பிரதான சுவிட்சில் ஓடினால்தான் எல்லாவற்றையும் நிறுத்த வேண்டும். அப்போது பெரிய ஆபத்து, "கரண்ட் போயிட்டுது" என்று நினைத்து யாராவது போய்ப் போட்டு விடுவதுதான். சுவிட்சின் மேல் "ஆள் உள்ளே இருக்கிறார், போட வேண்டாம்" என்று எழுதி ஒட்டி, பெட்டியைப் பூட்டிச் சாவியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

நிலத்தடித் தொட்டிக்குள் ஆளை இறக்காமல், நீண்ட பிடித் தூரிகையால் மேலிருந்தே தேய்ப்பது நல்லது. இறங்கியே ஆக வேண்டுமென்றால், மூடியைத் திறந்து நன்றாகக் காற்று போக விட்ட பிறகு, வெளியே ஒருவர் காவல் நிற்க இறங்க வேண்டும். மூடிக் கிடந்த தொட்டியில் மூச்சுவிடத் தகுந்த காற்று இல்லாமல் இருக்கக்கூடும். உள்ளே ஒருவர் மயங்கி விழுந்தால், அவரைத் தூக்க இன்னொருவர் குதிக்கக் கூடாது. இப்படித்தான் ஒரு உயிருக்குப் பதிலாக இரண்டு போகிறது.

சேற்றை அள்ளித் தேய்த்துக் கழுவிய பின், 10 லீற்றர் தண்ணீரில் 5 வீதக் குளோரின் கொண்ட, வாசனை சேர்க்காத வெளிற்றும் திரவம் 40 மில்லிலீற்றர் கலந்து சுவர் முழுக்கப் பூசி, அரை மணி நேரம் ஈரமாகவே விட்டு அலசுங்கள். கையுறை அணிந்து, வெளியே நின்று பூச வேண்டும். கழிவறை கழுவும் அமிலத்தை அதோடு கலந்து விடாதீர்கள். நச்சு வாயு கிளம்பும். சவர்க்காரத் தூளும் வேண்டாம், அலசினாலும் எளிதில் போகாது.

இனி, தாளில் எழுத வேண்டியது இவ்வளவுதான்:

"அஸ்ஸலாமு அலைக்கும். வரும் சனிக்கிழமை தண்ணீர்த் தாங்கிகள் கழுவப்படும். காலை 8 மணி முதல் 11 மணி வரை மின்சாரம் இராது. காலை 8 மணி முதல் பகல் 2 மணி வரை தண்ணீர் இராது. வெள்ளி இரவே தேவையான தண்ணீரைப் பிடித்து மூடி வையுங்கள். ஹீட்டர், கழுவும் இயந்திரம் இரண்டையும் நிறுத்தி, எல்லாக் குழாய்களையும் பூட்டி வையுங்கள். மின்சாரத்தில் இயங்கும் மருத்துவக் கருவி வீட்டில் இருந்தால் வியாழனுக்குள் சொல்லுங்கள், நேரத்தை மாற்றுவோம். பிரதான சுவிட்சை யாரும் தொட வேண்டாம்."

மேல் வீட்டார் சிங்களவர் என்றால் இதைச் சிங்களத்திலும் எழுதிக் கொடுங்கள். ஒரு வாரத்துக்கு முன் கொடுத்து, வெள்ளி மாலை வீட்டுப் பெண்ணிடம் ஒரு முறை நினைவூட்டுங்கள்.

"எவ்வளவு பிடித்து வைக்க?" என்று கேட்டால், ஆளுக்குச் சமையலுக்கும் குடிக்கவும் 5 லீற்றர், வுளூவுக்கு 2, கழிவறைக்கு 15 என்று கணக்குச் சொல்லுங்கள். ஐந்து பேருக்கு 110 லீற்றர்; 20 லீற்றர் வாளி ஐந்தரை. குளிர்சாதனப் பெட்டியைத் திறக்காமல் வைத்தால் ஏறத்தாழ நான்கு மணித்தியாலம் குளிர் தாங்கும். மூன்று மணி நேரத் தடைக்கு இறைச்சியையோ இன்சுலினையோ வேறிடம் கொண்டு போக வேண்டியதில்லை.

தண்ணீர் வந்ததும் வேலை முடிந்து விடுவதில்லை. குழாய் முனையிலுள்ள வலைச் சல்லடையைக் கழற்றி, கலங்கல் தெளிந்து காற்றுச் சத்தம் நிற்கும் வரை ஓட விடச் சொல்லுங்கள். குளோரின் மணம் கடுமையாக இருந்தால் இன்னும் கொஞ்சம் ஓட வேண்டும். சுடுதண்ணீர்க் குழாயிலும் தண்ணீர் தடையின்றி வந்த பிறகே ஹீட்டரைப் போடலாம்; வெறுமையாக இயங்கினால் கம்பிச் சுருள் எரிந்து விடும். குழந்தையின் பாலுக்கு அன்று முழுவதும் முன்னரே கொதிக்க வைத்த தண்ணீரையே எடுப்பது நல்லது.

மிஞ்சிய வாளித் தண்ணீரைத் திறந்தபடி வைத்து விடாமல், செடிகளுக்கோ கழிவறைக்கோ அன்றே செலவிடச் சொல்லுங்கள். டெங்கு நுளம்பு முட்டையிலிருந்து நுளம்பாவதற்கு ஏறத்தாழ ஒரு வாரமே எடுக்கும். தாங்கி சுத்தமாகி, வாளியில் நுளம்பு பெருகினால் என்ன பயன்? மேல் தாங்கியின் மூடி இறுக்கமாக மூடியிருக்கிறதா என்பதை, வேலையாள் போவதற்கு முன் உங்கள் கண்ணாலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.