கேள்விக்குள் ஒளிந்திருக்கும் பதில்

கோவில்பட்டியை அடுத்த ஒரு கரிசல் கிராமத்தில், மானாவாரி விவசாயக் குடும்பங்களைப் பற்றி வினாத்தாள் தயாரித்து வருமாறு கல்லூரி மாணவி ஒருவருக்கு ஒப்படைப்பு தரப்பட்டிருந்தது. அவருடன் கார்த்திகை மாதத்தில் அங்கு சென்றிருந்தேன். பெண்களுக்கான முதல் கேள்வி: 'நீங்கள் வேலைக்குச் செல்கிறீர்களா?' ஐம்பது வயது மதிக்கத்தக்க பெண்மணி ஒருவர், 'இல்லம்மா, வீட்லதான் சும்மா இருக்கேன்' என்றார். மாணவியும் 'இல்லை' என்ற கட்டத்தில் குறியிட்டார். அந்தப் பெண்மணியின் விரல் இடுக்குகளில் கரிசல் மண் காய்ந்திருந்தது. சொந்த நிலத்து உளுந்தில் களையெடுத்துவிட்டு அப்போதுதான் அவர் வீடு திரும்பியிருந்தார்.

அவர் பொய் சொல்லவில்லை. நம் பேச்சு வழக்கில் 'வேலைக்குப் போவது' என்றால் பிறரிடம் கூலிக்கோ சம்பளத்துக்கோ செல்வது. தீப்பெட்டி ஆலைக்குப் போனால் அது வேலை. சொந்தக் காட்டில் குனிந்து நிமிர்வது வேலையல்ல. கேட்கப்பட்ட கேள்விக்குச் சரியான பதிலையே அவர் தந்தார். கேள்விதான் தவறு.

இந்தத் தவறு மாணவர்களுக்கு மட்டும் உரியதல்ல. 1981 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், கடந்த ஆண்டில் எப்போதாவது வேலை செய்தாரா என்று மட்டுமே கேட்கப்பட்டது. குடும்ப நிலத்தில் ஊதியமின்றி உழைக்கும் பெண்கள் விடுபடுகிறார்கள் என்ற விமர்சனத்துக்குப் பிறகு, 1991-இல் அதே கேள்வியுடன் 'பண்ணையில் அல்லது குடும்பத் தொழிலில் ஊதியமின்றிச் செய்த வேலை உள்பட' என்ற பொருள்படும் தொடர் அடைப்புக்குறிக்குள் சேர்க்கப்பட்டது. நாட்டில் பெண்களின் உழைப்புப் பங்கேற்பு விகிதம் 19.7 சதவீதத்திலிருந்து 22.3 சதவீதமாக உயர்ந்தது. இந்த உயர்வு முழுவதும் ஓர் அடைப்புக்குறியின் விளைவு என்று கூற முடியாது. பத்தாண்டுகளில் வேறு மாற்றங்களும் நிகழ்ந்திருக்கும். கேள்வியும் மாறி, காலமும் மாறிவிட்டால், எது எவ்வளவு என்று பிரித்தறிய வழியில்லை என்பதே உண்மை.

திரும்பி வந்த மாணவி கேள்வியைத் திருத்தினார்: 'வயலில் பாடுபடும் நீங்களும் ஒரு விவசாயிதானே?' இது முந்தையதைவிட மோசம் எனலாம். 'தானே' என்ற விகுதி பதிலைக் கையில் கொடுத்துவிடுகிறது. படித்த பிள்ளை வீடு தேடி வந்து கேட்கும்போது 'இல்லை' என்று மறுப்பது நம் ஊர்களில் மரியாதைக் குறைவு. ஆண்டுக்கு நான்கு நாள் களத்துமேட்டுக்குப் போனவரும் 'ஆமாம்மா' என்றே சொல்வார். முதல் கேள்வி உழைப்பவரை மறைத்தது. இரண்டாவது எல்லோரையும் உழைப்பவராக்குகிறது.

சரியான வழி, பட்டத்தைக் கேட்காமல் செயலைக் கேட்பது. நேற்று எழுந்ததிலிருந்து என்னென்ன செய்தீர்கள் என்று வரிசையாகக் கேட்டால், ஆட்டுக்குத் தழை ஒடித்தது முதல் களையெடுத்தது வரை தானாகவே வந்துவிடும். அவற்றில் எது வேலை என்று முடிவு செய்வது ஆய்வாளரின் பொறுப்பு. பதில் சொல்பவரின் சுமையல்ல. தேசிய புள்ளியியல் அலுவலகம் 2019-இல் நடத்திய காலப் பயன்பாட்டு ஆய்வு, ஒரு நாளை அரை மணி நேரத் துண்டுகளாகப் பிரித்து இப்படித்தான் கேட்டது.

ஆனால், கரிசல் பூமியில் 'நேற்று' என்ற சொல்லிலும் ஒரு கண்ணி இருக்கிறது. இங்கு வடகிழக்குப் பருவமழையை நம்பி ஒரு போகம்தான். புரட்டாசியில் விதைத்தால் ஐப்பசி, கார்த்திகையில் களை. தை மாதத்துக்குள் உளுந்தும் பாசியும் வீடு வந்துவிடும். பருத்தியும் மிளகாயும் இன்னும் சில மாதம் இழுக்கும். அதே பெண்மணியிடம் வைகாசியில் 'நேற்று' பற்றிக் கேட்டால், காட்டு வேலை ஒன்றுகூட வராது. ஓராண்டைப் பற்றிக் கேட்டாலும் சிக்கல் தீராது. 183 நாள்களோ அதற்கு மேலோ உழைத்தவரே முதன்மைத் தொழிலாளர், குறைந்தால் குறுங்காலத் தொழிலாளர் என்கிறது மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. ஒற்றைப் போகத்துக்காரர்கள் இந்த எல்லைக்கோட்டின் மீதே நிற்கிறார்கள். நாள்களை எண்ணி வைத்திருப்பவர் யார்? 'ஆறு மாதம் இருக்குமா?' என்று கணக்கெடுப்பாளர் எடுத்துக் கொடுத்தால் ஒரு பக்கம் சாய்வார். 'மூன்று, நான்கு மாதம்தானே?' என்றால் மறுபக்கம். மழை எப்போது விழுந்தது, எத்தனை களை எடுத்தீர்கள், எத்தனை முறை பருத்தி எடுத்தீர்கள் என்று பயிரின் வழியே கேட்டு, நாள்களைக் கூட்டிக்கொள்வதே நம்பத்தக்கது.

2027 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்காக வீடு வீடாகச் செல்வோருக்கு இதற்கெல்லாம் நேரம் கிடைக்குமா என்பது வேறு கேள்வி. மாணவிக்கு நேரம் இருந்தது. வீடுகளை ஒன்றுவிட்டு ஒன்றாகப் பிரித்து, ஒரு பாதிக்குப் பழைய கேள்வியையும், மறுபாதிக்குச் செயல் பட்டியலையும் அதே வாரத்தில் கேட்கத் திட்டமிட்டார். காலமும் ஊரும் ஒன்றே என்பதால், இரு பாதிகளுக்கும் இடையில் தெரியும் பெரிய வித்தியாசம் கேள்வியால் விளைந்தது என்று கொள்ளலாம். வீடுகள் மிகக் குறைவென்றால் அதுவும் தற்செயலாக இருக்கக்கூடும் என்பதை அவர் மறக்கவில்லை.

வினாத்தாளின் அடியில் அவரே ஒரு வரியையும் சேர்த்திருந்தார்: 'பதில் சொன்னவர் யார்? அருகில் இருந்தவர் யார்?' முதல் நாளில் மூன்றாவது வீட்டில், மனைவியிடம் கேட்ட கேள்விக்குத் திண்ணையிலிருந்த கணவர்தான் பதில் சொன்னார்: 'அவ சும்மாதான் இருக்கா.'