சிலிண்டர் தீ: பக்கத்து வீட்டுக்கு இழப்பீடு உண்டா?

கேள்வி: ஒரு வீட்டில் கேஸ் கசிந்து தீப்பிடித்ததில், பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குத் தீக்காயம். அவர்களது மாட்டுக்கொட்டகையும் எரிந்துவிட்டது. இழப்பீடு கிடைக்குமா?

பதில்: தீக்குக் காரணம் கேஸ்தான் என்றால், எண்ணெய் நிறுவனங்கள் எடுத்துள்ள காப்பீட்டில் அக்கம்பக்கத்தாரின் காயமும் உயிரிழப்பும் அடங்கும். சிகிச்சைக்கு ஒருவருக்கு 2 லட்சம் ரூபாய் வரையும், உயிரிழந்தால் 6 லட்சம் ரூபாயும் உண்டு. ஆனால், பொருள் சேதத்துக்கான தொகை கேஸ் இணைப்பு பதிவான வீட்டுக்கு மட்டுமே, கொட்டகைக்கு வராது. கொட்டகைக்குத் தனிக் காப்பீடு இருந்தால் அதில் கேட்கலாம். இல்லாவிட்டால், கசிவுக்குக் காரணமானவரின் அலட்சியத்தை நிரூபித்து சிவில் நீதிமன்றத்தில்தான் நஷ்டஈடு கேட்க வேண்டும்.

காயத்துக்கான தொகை பெற, கேஸ் ஏஜென்சிக்கு உடனே எழுத்துமூலம் தெரிவித்து, எஃப்.ஐ.ஆர். நகல், தீயணைப்புத் துறை அறிக்கை, மருத்துவ ரசீதுகளைக் கொடுக்க வேண்டும்.