டொலர்க் கட்டணமும் ரூபாக் கணக்கும்

தண்ணீரூற்று மாணவியொருத்தி அமெரிக்கப் பரீட்சையொன்றுக்கு விண்ணப்பிக்கின்றாள் எனக் கொள்வோம். கட்டணம் 200 டொலர். வேறு நாணயம் ஏற்கப்படமாட்டாது. தந்தையாரின் கணக்கிலோ ரூபா மட்டுமே உண்டு. இதற்காக மலைக்க வேண்டுவதில்லை. வெளிநாட்டு இணையக் கொடுப்பனவுக்கு வங்கி இசைவளித்த அட்டையாயின், நாணய மாற்று தானாகவே நிகழும்.

எந்த விலைக்கு மாற்றுவர் என்பதிலேதான் சிக்கல். பத்திரிகையில் காணும் விலை 310 ரூபா என வைத்தால், 62,000 ரூபா போதுமெனத் தோன்றும். வங்கி நூற்றுக்கு 3 வீதம் மேலதிகமாக அறவிடுமாயின் இன்னும் 1,860 ரூபா வேண்டும். கணக்கில் 63,000 ரூபா மட்டும் இருப்பின், திரையில் Declined என்ற ஒரு சொல்லே தோன்றும், காரணம் தோன்றாது. பிள்ளையோ அட்டை எண்ணைத்தான் பிழையாக இட்டோமென எண்ணி மீண்டும் மீண்டும் முயல்வாள்.

பணம் உடனே கழிவதுமில்லை. முதலில் தொகை மறித்து வைக்கப்படும். சில நாட்களின் பின்னரே கணக்குத் தீர்க்கப்படும். இடையில் டொலர் ஏறினால் கழிவும் ஏறலாம். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் நின்ற டொலர், மே மாதத்தில் 360 ரூபாவை எட்டியதை நம்மவர் மறந்திருக்கமாட்டார்கள். ஆகையால் 66,000 ரூபா வைத்திருத்தல் நன்று.

முயற்சி தவறினால், தொகை மறிக்கப்பட்டுள்ளதா என வங்கியிடம் வினவிய பின்னரே மறுமுறை முயல்க. இன்னொன்று: ஒருதடவைக் கடவு எண் தந்தையாரின் கைத்தொலைபேசிக்கே வரும். அவர் வயலில் நிற்கும் வேளையில் இவ்வலுவலைத் தொடங்கலாகாது.